மோட்டார் திக்குவது ஏன்?

ஓர் அலுமினியச் சட்டம், அதன்மேல் பெல்ட்டால் இழுபடும் சிறு வண்டி, இழுக்க ஒரு ஸ்டெப்பர் மோட்டார். வண்டியின் முகப்பில் ஓர் அல்ட்ராசானிக் சென்சார். எதிரே தடை வந்தால் வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கல்லூரி புராஜெக்ட்டுகளில் இந்த மாதிரி அமைப்பை அடிக்கடி பார்க்கலாம். மூளையாக ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை இருக்கும்.

மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தால் சீராக ஓடுகிறது. சென்சாரை மட்டும் சோதித்தால் தூரத்தைச் சரியாகச் சொல்கிறது. இரண்டுக்குமான வரிகளை ஒரே நிரலில் சேர்த்ததும் மோட்டார் ‘டர்ர்… டக்… டர்ர்… டக்’ என்று திக்கத் தொடங்குகிறது. வயரை மாற்றுவார்கள், பவர் சப்ளையை மாற்றுவார்கள், மோட்டாரையே மாற்றிப் பார்ப்பார்கள். திக்கல் போகாது. பழுது பொருள்களில் இல்லை. நேரத்தை யார் எண்ணுவது என்பதில் இருக்கிறது.

இரண்டும் கேட்பது பல்ஸ்

ஸ்டெப்பர் மோட்டார் மின்சாரம் கொடுத்ததும் தானாகச் சுற்றும் வகை அல்ல. ஒரு பல்ஸ் கொடுத்தால் ஒரு படி நகரும். பரவலாகப் புழங்கும் மோட்டார்களில் ஒரு படி 1.8 டிகிரி, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். A4988 போன்ற டிரைவர் சில்லு ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரித்துத் தரும். ஆக, ஒரு சுற்றுக்கு 3,200 பல்ஸ் வேண்டும். நம் வண்டியின் பெல்ட் சக்கரம் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் இழுக்கிறது என்று கொள்வோம். வண்டி ஒரு மில்லிமீட்டர் நகர 80 பல்ஸ் வேண்டும். நொடிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் போக நொடிக்கு 4,000 பல்ஸ், அதாவது 250 மைக்ரோசெகண்டுக்கு ஒன்று. ஒரு மைக்ரோசெகண்ட் என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

சென்சாரும் பல்ஸில்தான் பேசுகிறது. HC-SR04 என்ற மலிவான சென்சாரின் டிரிகர் பின்னுக்கு 10 மைக்ரோசெகண்ட் பல்ஸ் ஒன்று கொடுத்தால், 40 கிலோஹெர்ட்ஸில் எட்டு அலைகளை அனுப்பும். பிறகு எக்கோ பின்னை உயர்த்தி, எதிரொலி திரும்பி வந்ததும் தாழ்த்தும். அந்தப் பின் எவ்வளவு நேரம் உயர்ந்திருந்தது என்பதுதான் விடை. சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோசெகண்ட் என்பது கணக்கு. இரண்டு மீட்டர் தள்ளிச் சுவர் இருந்தால் எக்கோ பின் 11,600 மைக்ரோசெகண்ட் உயர்ந்து நிற்கும்.

ஒருபக்கம் குறித்த நேரத்தில் பல்ஸைக் கொடுக்க வேண்டும். மறுபக்கம் வருகிற பல்ஸின் நீளத்தை அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.

சும்மா நின்று எண்ணுவது

எல்லோரும் முதலில் எழுதும் நிரல் இப்படித்தான் இருக்கும்: பின்னை உயர்த்து, `delayMicroseconds(125)`, பின்னைத் தாழ்த்து, மறுபடி `delayMicroseconds(125)`. இரண்டு 125 சேர்ந்தால் 250. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது.

ஆனால் `delayMicroseconds` என்ற கட்டளை உள்ளே செய்வது என்ன? பிராசஸர் வேறு எந்த வேலையும் செய்யாமல் ஓர் எண்ணைக் குறைத்துக்கொண்டே போய்ப் பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு குறைப்புக்கும் எவ்வளவு நேரமாகும் என்பது தெரிந்த கணக்கு என்பதால் காத்திருப்பு ஓரளவு சரியாக இருக்கும். சிக்கல் அந்தக் காத்திருப்புக்கு வெளியே இருக்கிறது. பின்னை உயர்த்தவும் தாழ்த்தவும் பயன்படும் `digitalWrite` ஒவ்வொரு முறையும் சில மைக்ரோசெகண்ட் எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, `millis()` கணக்கை வைத்திருப்பதற்காக ஆர்டுயினோ 1.024 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை குறுக்கிட்டு, ஐந்தாறு மைக்ரோசெகண்ட் வேலை பார்த்துவிட்டுப் போகும். அந்த நேரத்தில் எண்ணிக்கை நின்றிருக்கும். எனவே 250 என்று எழுதிய இடத்தில் 258, 260 என்று வரும். வண்டி நாம் கேட்டதைவிட மூன்று சதவீதம் மெதுவாகப் போகும். இருபது நொடியில் கடக்க வேண்டிய ஒரு மீட்டரைக் கடக்க இருபதரை நொடிக்கு மேலாகும்.

இந்தப் பிசகு சேர்ந்துகொண்டே போவதுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு காத்திருப்பும் ‘இப்போதிலிருந்து 125’ என்றே தொடங்குகிறது. முந்தைய வேலை தாமதமாக முடிந்திருந்தால் அடுத்ததும் தாமதமாகத்தான் தொடங்கும். ஒரு பல்ஸில் நுழைந்த தாமதம் பின்னால் வரும் எல்லாப் பல்ஸையும் தள்ளிவிடும்.

இதுகூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. வண்டியைத் திக்கவைப்பது `pulseIn`. எக்கோ பின் உயரும்வரை காத்திருந்து, தாழும்வரை எண்ணி, நீளத்தைச் சொல்லும் கட்டளை இது. சொல்லி முடிக்கும்வரை நிரல் அந்த வரியைத் தாண்டாது. சுவர் இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்தால் 11,600 மைக்ரோசெகண்ட் அங்கேயே நிற்கும். 250 மைக்ரோசெகண்டுக்கு ஒரு பல்ஸ் வீதம் அந்த இடைவெளியில் மோட்டாருக்குப் போயிருக்க வேண்டிய பல்ஸ் 46. ஒன்றுகூடப் போகாது. மோட்டார் சட்டென்று நின்று, சட்டென்று கிளம்பும். நாம் கேட்கும் ‘டக்’ இதுதான். எதிரே ஒன்றுமே இல்லாவிட்டால் இன்னும் மோசம். பெரும்பாலான சென்சார்கள் எதிரொலி வராதபோது எக்கோ பின்னைச் சுமார் 38 மில்லிசெகண்ட் உயர்த்தியே வைத்திருக்கும். அப்போது 152 பல்ஸ் காணாமல் போகும்.

நொடிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் இது அதிர்வோடு போய்விடலாம். நொடிக்கு 200 மில்லிமீட்டர் வேகத்தில் மோட்டார் நொடிக்கு ஐந்து சுற்று சுற்றுகிறது. ஓடுகிற சுமையை ஒரு கணத்தில் நிறுத்தி, அடுத்த கணம் அதே வேகத்தில் கிளப்பினால் ரோட்டர் பின்தங்கிப் படிகளைத் தவறவிடும். நிரல் அனுப்பிய பல்ஸின் எண்ணிக்கையும் வண்டி உண்மையில் நிற்கும் இடமும் அதன்பின் ஒத்துவராது.

தாளம் போட ஓர் ஆள்

நாதஸ்வரக் கச்சேரியில் தாளம் போடுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாசிப்பவர் மூச்சு வாங்கினாலும், சீவாளியைச் சரிசெய்தாலும் தாளம் நிற்காது. மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளும் அப்படி ஓர் ஆள் உண்டு. அதுதான் ஹார்டுவேர் டைமர்.

ஊனோ பலகையில் இருக்கும் ATmega328P சில்லுக்குள் மூன்று டைமர்கள் இருக்கின்றன. டைமர் என்றால் கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும் எண்ணி. பிராசஸரிலிருந்து தனியான சுற்று. பிராசஸர் கணக்குப் போட்டாலும், கணினிக்குச் செய்தி அனுப்பினாலும், சும்மா இருந்தாலும் டைமர் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். மூன்றில் முதலாவதை `millis()`, `delay()` இரண்டுக்காகவும் ஆர்டுயினோ எடுத்துக்கொள்கிறது. நமக்கு வேண்டியது டைமர் 1. மற்ற இரண்டும் 255 வரைதான் எண்ணும்; இது 65,535 வரை எண்ணிவிட்டுப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்.

பலகையின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். அதை எட்டால் வகுத்து டைமருக்குக் கொடுத்தால், அரை மைக்ரோசெகண்டுக்கு ஓர் எண் கூடும். முழுச் சுற்று வந்து பூஜ்ஜியத்தைத் தொட 32.768 மில்லிசெகண்ட் ஆகும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த டைமரோடு இரண்டு கருவிகள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று ஒப்பிடும்: குறித்த எண் வந்ததும் ஒரு பின்னை மாற்றும். மற்றொன்று பதிவு செய்யும்: ஒரு பின் மாறியதும் அப்போதைய எண்ணைக் குறித்துவைக்கும். முதலாவது மோட்டாருக்கு, இரண்டாவது சென்சாருக்கு.

மோட்டாருக்கு ஒப்பீடு

டைமர் 1-க்கு ஒப்பிடும் எண்ணை `OCR1A` என்ற ரெஜிஸ்டரில் எழுதிவைக்கலாம். எண்ணி அந்த எண்ணைத் தொட்டதும் 9-ஆம் பின் தானாகவே தலைகீழாக மாறும்படி அமைக்க முடியும். உயர்ந்திருந்தால் தாழும், தாழ்ந்திருந்தால் உயரும். மாற்றுவது சில்லின் சுற்றுதான். இதில் நிரலுக்கு வேலையில்லை. அதே நேரத்தில் ‘இண்டரப்ட்’ எனப்படும் குறுக்கீடு ஒன்று பிராசஸரை எழுப்பும். அடுத்து எந்த எண்ணில் மாற வேண்டும் என்பதை மட்டும் அது எழுதினால் போதும்.

```
void setup() {
  pinMode(9, OUTPUT);
  TCCR1A = (1 << COM1A0);
  TCCR1B = (1 << ICES1) | (1 << CS11);
  OCR1A = 250;
  TIMSK1 = (1 << OCIE1A) | (1 << ICIE1);
}

ISR(TIMER1_COMPA_vect) {
  OCR1A += 250;
}
```

250 எண்ணிக்கை என்றால் 125 மைக்ரோசெகண்ட். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்தால் 250 மைக்ரோசெகண்ட்; ஒரு பல்ஸ் ஆயிற்று. டிரைவர் ஏற்றத்தில் மட்டும் ஒரு படி நகர்த்தும்.

`OCR1A += 250` என்ற வரியைக் கூர்ந்து பாருங்கள். ‘இப்போதிலிருந்து 250’ என்று அது சொல்லவில்லை. ‘முன்பு குறித்த நேரத்திலிருந்து 250’ என்கிறது. பிராசஸர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டு 20 மைக்ரோசெகண்ட் தாமதமாக வந்து எழுதினாலும் குறித்த நேரம் நகராது. பின் தன் நேரத்துக்கு மாறும். தாமதம் அடுத்த பல்ஸுக்குக் கடத்தப்படுவதில்லை. எவ்வளவு நேரம் ஓடினாலும் பல்ஸ் எண்ணிக்கை பலகையின் கடிகாரத்தோடு அப்படியே ஒத்துப்போகும்.

சென்சாருக்குப் பதிவு

எக்கோ கம்பியை 8-ஆம் பின்னில் இணைக்க வேண்டும். வேறு பின் ஆகாது. டைமர் 1-இன் பதிவுக் கருவி அந்தப் பின்னோடு மட்டும் இணைந்திருக்கிறது. பின் உயர்ந்த நொடியில் எண்ணியின் மதிப்பைச் சுற்றே `ICR1` என்ற ரெஜிஸ்டரில் படியெடுத்து வைத்துவிடும். பிராசஸர் சற்றுப் பொறுத்து வந்து எடுத்துக்கொள்ளலாம். குறித்த எண் மாறாது.

```
volatile uint16_t rise, width;
volatile bool ready;

ISR(TIMER1_CAPT_vect) {
  uint16_t t = ICR1;
  if (TCCR1B & (1 << ICES1)) {
    rise = t;
  } else {
    width = t - rise;
    ready = true;
  }
  TCCR1B ^= (1 << ICES1);
  TIFR1 = (1 << ICF1);
}
```

முதலில் ஏற்றத்தைப் பிடிக்கிறது; அடுத்து இறக்கத்தைப் பிடிக்கும்படி திசையை மாற்றிக்கொள்கிறது. இரண்டின் வித்தியாசம்தான் பல்ஸின் நீளம். நடுவில் எண்ணி 65,535-ஐத் தாண்டிப் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தாலும், 16 பிட் கழித்தலில் விடை சரியாகவே வரும். எண்ணிக்கை அரை மைக்ரோசெகண்டில் இருப்பதால் 58-க்குப் பதில் 116-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைக்கும்.

டிரிகர் பின்னுக்கு 10 மைக்ரோசெகண்ட் பல்ஸ் கொடுக்க `delayMicroseconds(10)` தாராளமாகப் போதும். அங்கே வேண்டியது குறைந்தபட்சம் 10. பன்னிரண்டானாலும் சென்சாருக்குக் கவலையில்லை, காத்திருப்பும் கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூட இல்லை. 60 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை `millis()` பார்த்து டிரிகர் கொடுத்தால், முந்தைய எதிரொலி அடங்கியபின் அடுத்த ஒலி கிளம்பும்.

இனி சென்சார் எதிரொலிக்குக் காத்திருக்கும் 11,600 மைக்ரோசெகண்டிலும் மோட்டாருக்கு 46 பல்ஸும் போய்க்கொண்டிருக்கும்.

பிசகும் இடங்கள்

மோட்டாரை மட்டும் டைமருக்கு மாற்றிவிட்டு `pulseIn`-ஐ அப்படியே விட்டுவைப்பவர்கள் உண்டு. மோட்டார் சீராகிவிடும், தூரம் கெட்டுவிடும். ஊனோவில் `pulseIn` தன் சுழற்சிகளை எண்ணித்தான் நேரம் கணிக்கிறது. மோட்டாருக்கான குறுக்கீடு 125 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முறை வந்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டு மைக்ரோசெகண்டைத் தின்றுவிட்டுப் போகும். அந்த நேரம் எண்ணிக்கையில் சேராது. இரண்டு மீட்டர் சுவருக்கு 90-க்கு மேற்பட்ட குறுக்கீடுகள். சுவர் மூன்று, நான்கு சென்டிமீட்டர் அருகில் வந்ததாகத் தோன்றும். கண்டுபிடிப்பது எளிது: வண்டியை நகரவிடாமல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் தூரத்தைப் பாருங்கள். எண் மாறினால் இதுதான் காரணம்.

இரண்டாவது கண்ணி, 32.768 மில்லிசெகண்ட். எதிரே ஒன்றுமில்லாதபோது எக்கோ பின் 38 மில்லிசெகண்ட் உயர்ந்திருக்கும் என்று பார்த்தோம். எண்ணி அதற்குள் ஒரு முழுச் சுற்று வந்துவிடும். மிச்சமிருக்கும் ஐந்தே கால் மில்லிசெகண்டைத்தான் கழித்தல் காட்டும். 58-ஆல் வகுத்தால் 90 சென்டிமீட்டர்! வெட்டவெளியைப் பார்த்து, ‘90 சென்டிமீட்டரில் தடை’ என்று வண்டி நின்றுவிடும். ஏற்றத்தைப் பிடித்தபோது `millis()` எவ்வளவு என்பதையும் குறித்துவைத்து, இறக்கம் 30 மில்லிசெகண்டுக்கு மேல் கழித்து வந்தால் அந்த அளவீட்டைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். நான்கு மீட்டர் தூரத்துக்கே 23 மில்லிசெகண்ட்தான் ஆகும் என்பதால் நல்ல அளவீடு எதுவும் இதில் போகாது.

அதே எண் மோட்டார் பக்கமும் தலைகாட்டும். வண்டியில் அழகுக்காக எட்டு WS2812 வண்ண விளக்குகளைப் பொருத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு ஒன்றுக்கு 30 மைக்ரோசெகண்ட் வீதம் 240 மைக்ரோசெகண்ட் ஆகும். அதுவரை ஊனோவில் விளக்கு நூலகம் எல்லாக் குறுக்கீடுகளையும் அடைத்துவைக்கும். நமக்கு இருக்கும் அவகாசமோ 125. பிராசஸர் வந்து `OCR1A`-வில் புதிய எண்ணை எழுதும்போது டைமர் அந்த எண்ணைத் தாண்டிப் போயிருக்கும். இனி முழுச் சுற்று வந்தால்தான் மறுபடி அதைத் தொடும். ‘டக்’ திரும்ப வந்துவிடும். லாஜிக் அனலைசரில் பல்ஸ் வரிசையைப் பார்த்தால் ஏறக்குறைய 32.8 மில்லிசெகண்ட் இடைவெளி தெரியும். அந்த எண்ணைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

எப்போதாவது ஒரு முறை மட்டும் தூரம் இரண்டு சென்டிமீட்டருக்குமேல் துள்ளினால், காரணம் படிக்கும் முறை. இது 8 பிட் பிராசஸர். `width` என்ற 16 பிட் எண்ணை இரண்டு பாதியாகத்தான் படிக்கும். பழைய எண் 511, முதல் பாதியைப் படித்ததும் குறுக்கீடு வந்து அதை 512 ஆக்கிவிட்டது என்றால், பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டி 767 என்று வந்துவிடும். 256 எண்ணிக்கைப் பிழை என்றால் 2.2 சென்டிமீட்டர். படிப்பதற்குமுன் `noInterrupts()`, படித்ததும் `interrupts()` போட்டால் தீர்ந்தது.

கடைசியாக, இந்த டைமருக்கு வேறு பங்காளிகளும் உண்டு. ஊனோவில் சர்வோ மோட்டாருக்கான நூலகம் டைமர் 1-ஐத்தான் எடுத்துக்கொள்கிறது. அதையும் சேர்த்தால் `multiple definition of '__vector_11'` என்று நிரல் தொகுக்கப்படாமல் நின்றுவிடும். திட்டத்தில் சர்வோ இருந்தால் எந்த டைமர் யாருக்கு என்பதை முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

டைமரால் ஆகாதவை

அரை மைக்ரோசெகண்ட் என்பது தூரத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் HC-SR04 அவ்வளவு நுட்பமாக அளக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் எட்டரை மில்லிமீட்டர் நீளம். திரும்பி வரும் எதிரொலி பலவீனமாக இருந்து, சென்சார் முதல் அலையைத் தவறவிட்டு அடுத்ததைப் பிடித்தால், 25 மைக்ரோசெகண்ட் கூடிவிடும். தூரம் நான்கு மில்லிமீட்டருக்குமேல் மாறிவிடும். டைமர் அந்த 25-ஐயும் அப்பழுக்கில்லாமல் அளந்து தரும்.

வெயிலும் இதில் கை வைக்கும். 20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். 35 டிகிரியில் 352-ஐத் தாண்டும். 58 என்ற வகுக்கும் எண் குளிர்ந்த அறைக்கானது. 35 டிகிரி வெப்பத்தில் அதே எண்ணால் வகுத்தால் இரண்டு மீட்டர் தூரச் சுவர் 196 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத் தெரியும். ஒரு வெப்பநிலை சென்சாரைச் சேர்த்து, வகுக்கும் எண்ணை அதற்கேற்ப மாற்றினால் தவிர இது சரியாகாது.

மோட்டார் பக்கமும் அப்படியே. நேரம் தவறாத பல்ஸ் கொடுத்தாலும், நின்ற நிலையிலிருந்து நேரே நொடிக்கு 16,000 பல்ஸ் கேட்டால் மோட்டார் கிளம்பாமல் முனகும். வேகத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். அதற்கும் இடம் அதே `OCR1A += 250` வரிதான்: 250-க்குப் பதிலாகப் பெரிய எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு பல்ஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் வண்டி பதமாக வேகம் பிடிக்கும். சிறு வெட்டு இயந்திரங்களை ஊனோ பலகையிலேயே ஓட்டும் ‘கர்பில்’ என்ற திறந்த மென்பொருளும் டைமர் 1-இன் குறுக்கீட்டை நம்பித்தான் நொடிக்கு 30,000 பல்ஸ் வரை சீராகக் கொடுக்கிறது.

எல்லா இடத்திலும் `delay` கூடாது என்பதல்ல. ஒரே ஒரு மோட்டார், வேறு வேலையே இல்லை, வேகம் முன்பின் இருந்தாலும் பாதகமில்லை என்றால் அது போதும். நிரலுக்கு இரண்டாவது வேலை வந்ததுமே கணக்கு மாறிவிடும். சோதனை ஒன்றே: ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் `Serial.print` வரி ஒன்றைக் கூடுதலாகச் சேருங்கள். மோட்டாரின் சத்தம் மாறினால் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பது உங்கள் நிரல். மாறாவிட்டால் டைமர்.